1910 என்று சொன்ன புத்தகம்: அச்சில் இல்லாத நூலின் பதிப்பைக் கண்டறிவதும் பிரதியின் விலையை மதிப்பதும்

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடையொன்றில், செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைக் கடைக்காரர் என் கையில் வைத்தார். 'அபிதான சிந்தாமணி'. தலைப்புத் தாள் இல்லை. அட்டையும் பழையது அல்ல. யாரோ பிற்காலத்தில் ரெக்சின் போட்டுப் பைண்டு செய்திருந்தார்கள். "1910 சார், முதற்பதிப்பு" என்றார். சான்றும் வைத்திருந்தார். முகவுரையைப் பிரித்து, முதற்பதிப்பு வந்த காலத்தைச் சொல்லும் வரிகளை விரலால் காட்டினார். விலை எட்டாயிரம் ரூபாய்.

அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். ஆனால் முகவுரையின் தேதி, அதை எழுதியவர் எழுதி முடித்த நாள். தாளில் மை பட்ட நாள் வேறு. அந்த முகவுரை அடுத்தடுத்த பதிப்புகளிலும் அப்படியே வரும். பழைய புத்தகம் வாங்கத் தொடங்குபவர்கள் முதலில் ஏமாறும் இடம் இதுதான். நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கையில் ஒரு பிரதி இருந்தால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இது எந்தப் பதிப்பு? அந்தப் பதிப்பில் இந்தப் பிரதி எவ்வளவு பெறும்? இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குபவர்கள்தான் அதிகம். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் பேசும் பேரம், எடை பார்க்காமல் நகை வாங்குவது போன்றது. எனவே அந்தச் செங்கல்லையே எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: நூலின் பதிப்பு வரிசையை எழுதுவது

இதைக் கடையில் செய்ய முடியாது, வீட்டில்தான் செய்ய வேண்டும். ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: ஆண்டு, வெளியிட்டவர், அச்சுக்கூடம், பக்க எண்ணிக்கை, புதிதாகச் சேர்ந்தது அல்லது நீங்கியது. கடைசிப் பத்திதான் பிற்பாடு விலையைத் தீர்மானிக்கும்.

அபிதான சிந்தாமணிக்கு அந்தத் தாள் எளிதாக நிரம்பும். பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த கலைக்களஞ்சியம் அது. பாண்டித்துரைத் தேவரின் ஆதரவோடு, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910-இல் முதலில் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பக்கங்கள். அதன் பிறகும் ஆசிரியர் செய்திகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார், 1931-இல் மறைந்தார். விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பை 1934-இல் அவருடைய மகன் கொண்டுவந்தார். அது 1,600 பக்கங்களுக்கும் மேல். பின்னர் 1980-களிலிருந்து புது தில்லியின் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் அந்த 1934 பதிப்பையே படமெடுத்து ஆப்செட்டில் பலமுறை மறுஅச்சிட்டது. வேறு பதிப்பகங்களும் பின்னால் வெளியிட்டன. பழைய புத்தகக் கடையில் நாம் பார்க்கும் அபிதான சிந்தாமணிகளில் பெரும்பாலானவை இந்த மறுஅச்சுகளே.

இதை எங்கே திரட்டுவது? மூன்று இடங்கள் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் tamildigitallibrary.in தளத்திலும் archive.org தளத்திலும் பழைய பதிப்புகளின் படப் பிரதிகள் இருக்கின்றன. உலகெங்கும் உள்ள நூலகங்களின் அட்டவணை ஒரே இடத்தில் வேண்டுமானால் worldcat.org. நேரில் போவதென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் உண்டு. இலங்கையில் அச்சான நூல் என்றால் noolaham.org-இலிருந்து தொடங்குங்கள்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். தமிழ் எழுத்தில் தட்டினால் மேலைநாட்டு நூலகப் பதிவுகள் பெரும்பாலும் அகப்படாது. அவர்கள் தமிழை ரோமன் எழுத்தில் ஒரு முறைப்படி மாற்றி எழுதுகிறார்கள். அதில் வல்லின எழுத்துகளுக்கு எப்போதும் k, c, t, p தான். 'ப'வை b என்றோ 'த'வை d என்றோ எழுத மாட்டார்கள். நம் ஊரில் பேச்சொலிப்படி எழுதுவோம். எனவே ஒரே நூலை மூன்று விதமாகத் தேட வேண்டும்:

```
Apitana cintamani
Abithana Chintamani
Abhidhana Chintamani
```

ஆசிரியர் பெயருக்கும் இதே கதைதான்: `Cinkaravelu Mutaliyar`, `Singaravelu Mudaliar` இரண்டையும் போட்டுப் பாருங்கள். "அந்தப் புத்தகம் எந்த நூலகத்திலும் இல்லையாம்" என்று விற்பவர் சொல்லும்போது, பல வேளைகளில் அவர் ஒரே ஓர் எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிட்டார் என்றுதான் அர்த்தம்.

அட்டவணைப் பதிவில் இருக்கும் ஆண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு எழுதியவர் புத்தகத்தில் கண்ணில் பட்ட ஆண்டைக் குறித்திருப்பார். ஆப்செட் மறுஅச்சில் 1934 தலைப்புத் தாளும் படமாக உள்ளே இருந்தால், பதிவில் '1934' என்றே ஏறியிருக்கக்கூடும். சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு [1934?] என்று இருந்தால் அது பதிவாளரின் ஊகம். படப் பிரதி கிடைத்தால் கோப்பின் பெயரை நம்பாமல் திறந்து, முதல் ஐந்து பக்கங்களையும் கடைசிப் பக்கத்தின் எண்ணையும் நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

19-ஆம் நூற்றாண்டு நூல் என்றால் இன்னும் ஒரு வழி உண்டு, சுவையான வழி. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் நூலில் போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பதிவான நூல்களை மாகாண அரசு காலாண்டுப் பட்டியலாக வெளியிட்டது. அந்தப் பட்டியலில் பக்கம், அளவு, விலை, எத்தனையாவது பதிப்பு என்பவற்றோடு எத்தனை பிரதிகள் அச்சாயின என்பதும் இருக்கும். ஒரு நூல் 'அரியது' என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. அதற்கும் முந்தைய நூல் என்றால், ஜான் மர்டாக் 1865-இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியலைப் பார்க்கலாம்.

தேதி போடாத பிரதிக்கு தேதி கண்டுபிடிப்பது

தமிழில் ஆண்டு அச்சிடாத நூல்கள் ஏராளம். ஆண்டு இருந்த தாள் கிழிந்துபோன பிரதிகள் அதைவிட ஏராளம். அப்போது புத்தகத்தில் எஞ்சியிருக்கும் சின்னச் சின்ன அடையாளங்கள்தான் துணை. இங்கே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: புதிதாக வந்த அடையாளம் ஒன்று இருந்தால், அச்சு அதற்கு முந்தியது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய அடையாளம் இருந்தால், அச்சு பழையது என்று சொல்லிவிட முடியாது. பழக்கம் சட்டத்தைவிட மெதுவாக மாறும்.

விலையிலிருந்து தொடங்குங்கள். 'ரூ. 2-8-0' என்று ரூபாய், அணா, பை என்ற கணக்கில் இருந்தால் அது 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தைய விலை. 'ந.பை.' என்று நயா பைசா இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலம். 1964 ஜூனில் 'நயா' என்ற அடைமொழி நீங்கிவிட்டது. ஆனால் விலைமேல் ரப்பர் முத்திரையோ ஒட்டுத்தாளோ இருந்தால் அதன் அடியில் பாருங்கள். விற்காமல் கிடந்த பழைய பிரதிக்குப் புது விலை ஒட்டுவது பதிப்பகங்களின் வழக்கம்.

அடுத்து முகவரி. 'சென்னை-600 005' என்று ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், 1972 ஆகஸ்டுக்கு முன் அந்தப் பக்கம் அச்சாகியிருக்க முடியாது. 'சென்னை-5' என்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது; இன்றும் அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 'தமிழ்நாடு' என்ற மாநிலப் பெயர் 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது என்பார்கள். ஆனால் இயக்கம் சார்ந்த பதிப்பகங்கள் அந்தப் பெயரை முன்பே புழங்கிவந்தன. அதனால் அதை நான் சான்றாகக் கொள்வதில்லை. 13 இலக்க ISBN நூல் எண் இருந்தால் 2007-ஐ ஒட்டியோ பின்னரோ அச்சானது.

எழுத்து வடிவமும் பேசும். 'ணை, லை, ளை, னை' ஆகியவற்றில் யானைத் துதிக்கை போல் மேலே வளையும் பழைய வடிவம், 'ணா, றா, னா' ஆகியவற்றின் கூட்டு வடிவம் எல்லாம் 1978 அக்டோபரில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணையோடு பாடநூல்களிலும் அரசு அச்சிலும் மாறத் தொடங்கின. புதிய வடிவத்தைப் பார்த்தால், அச்சுக்கோத்தது அதன் பிறகு என்று பெரும்பாலும் சொல்லலாம். பெரியாரின் இதழ்களும் வெளியீடுகளும் விலக்கு. அங்கே 1930-களிலேயே சீர்திருத்த எழுத்து வந்துவிட்டது. பழைய வடிவம் இருந்தால்? அச்சு பழையதாக இருக்கலாம். பழைய எழுத்தை வைத்திருந்த சின்ன அச்சகம் 1980-களில் அடித்ததாகவும் இருக்கலாம். பழைய பதிப்பைப் படமெடுத்துப் போட்ட ஆப்செட்டாகவும் இருக்கலாம். நம் செங்கல்லுக்கு இந்தச் சோதனை உதவவில்லை என்பதற்குக் காரணம் அதுதான்.

முகவுரையின் அடியில் ஆங்கில ஆண்டுக்குப் பதிலாக 'பவ வருஷம் ஆவணி மாதம்' என்பது போல் இருந்தால், அறுபதாண்டுச் சுழற்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவ என்றால் 1874-75, 1934-35, 1994-95 மூன்றும்தான். எது என்று தாளும் ஆசிரியரின் வாழ்நாளும் சொல்லும். 'தி.பி.' அல்லது 'திருவள்ளுவர் ஆண்டு' என்றிருந்தால் அதிலிருந்து 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு.

ஈய அச்சா, ஆப்செட்டா

கடைக்குத் திரும்புவோம். எட்டாயிரம் கேட்ட பிரதியில் நான் முதலில் பார்த்தது கடைசிப் பக்க எண். 1,600-ஐத் தாண்டியிருந்தது. அந்த நொடியே 1910 வழக்கு முடிந்தது. முதற்பதிப்பில் அவ்வளவு பக்கங்களே இல்லை. வீட்டில் எழுதிய தாளின் பயன் இதுதான், வாதம் செய்யத் தேவையில்லை. இனி எஞ்சிய கேள்வி: இது 1934-இல் அச்சான பிரதியா, அதைப் படமெடுத்த பிற்கால மறுஅச்சா? இரண்டிலும் பக்க எண் ஒன்று, எழுத்து ஒன்று, முகவுரை ஒன்று. மறுஅச்சின் முதல் தாளில் புதிய பதிப்பகத்தின் பெயர் இருக்கும். ஆனால் அந்தத் தாள்தானே இங்கே இல்லை.

இங்கே கை வேலை செய்ய வேண்டும். ஈய எழுத்தைக் கோத்து அடித்த அச்சில் எழுத்து தாளுக்குள் அழுந்தும். பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் மெல்லத் தடவினால் சின்னச் சின்ன மேடு தட்டுப்படும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். ஆப்செட்டில் தாள் வழவழப்பாக இருக்கும். மை மேலே படிந்திருக்குமே தவிர அழுந்தியிருக்காது.

பத்து மடங்கு பெருக்கும் சிறிய கைக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஈய அச்சில் எழுத்தின் ஓரம் நடுவைவிடக் கறுத்திருக்கும், மை பிதுங்கி ஓரத்தில் நின்றதால். படமெடுத்த அச்சில் கறுப்பு ஒரே சீராக இருக்கும். தமிழுக்கென்றே ஒரு சோதனையும் உண்டு: புள்ளியைப் பாருங்கள். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி மிகச் சிறியது. படமெடுக்கும்போது அது பல இடங்களில் மறைந்துபோகும், அல்லது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் நாலைந்து புள்ளிகள் காணாமல்போய், மூலத் தாளின் கறை சாம்பல் நிறத் திட்டாக அச்சில் விழுந்திருந்தால் அது படமெடுத்த பிரதி. உண்மையான கறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தாளின் மறுபுறமும் தெரியும். அச்சில் விழுந்த கறை ஒரு புறத்தோடு நின்றுவிடும்.

தாளின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சென்னையின் ஈரமும் வெயிலும் பட்ட 1980-களின் மட்டத் தாள் ஒன்று, நல்ல நிலையில் காத்த 1930-களின் தாளைவிடப் பழுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிரதியில் பின்புறம் மேடு தட்டியது. புள்ளிகள் முழுமையாக இருந்தன. 1934 தான்.

'முதற்பதிப்பு' என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்

நான் ஏமாந்த கதை இது. ஒரு நாவல், ஆசிரியரும் பதிப்பகமும் வேண்டாம். அச்சு விவரப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்று தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால், அந்த நாவல் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு பதிப்பகத்தில் இரண்டு பதிப்பு கண்டிருந்தது. என் கையில் இருந்தது, *அந்தப்* பதிப்பகத்தின் முதற்பதிப்பு.

தமிழ்ப் பதிப்புலகில் இது ஏமாற்று அல்ல, வழக்கம். பதிப்பகம் மாறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நாட்டுடைமையான எழுத்தாளரின் நூலை யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால், ஒரே நூலுக்குப் பத்து 'முதற்பதிப்பு'கள்கூட இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. எட்டாம் பதிப்பு, ஒன்பதாம் பதிப்பு என்று போட்டிருப்பவற்றில் பல, ஒரு எழுத்தும் மாறாத மறுஅச்சுகளே. 'பதிப்பு' என்ற சொல்லை நம்மவர்கள் 'அச்சிட்ட முறை' என்ற பொருளிலேயே பெரும்பாலும் புழங்குகிறார்கள். எனவே எண்ணைப் பார்க்காமல், எது மாறியது என்று பாருங்கள். பக்க எண்ணிக்கை மாறியதா, புது முன்னுரை வந்ததா, அச்சகம் மாறியதா?

முதற்பதிப்புதான் எப்போதும் சிறந்தது என்ற நினைப்பையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி 1887-இல் வந்தது. அச்சு வரலாற்றில் அதற்கு உள்ள இடம் பெரியது. ஆனால் மேலும் சுவடிகளை ஒப்பிட்டு அவர் 1907-இல் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பு, படிக்கிறவனுக்கு அதைவிடப் பயனுள்ளது. அபிதான சிந்தாமணியும் அப்படித்தான்: சேகரிப்பவர் 1910-ஐத் தேடுவார், செய்தி தேடுபவருக்கு 1934. இருவரும் ஒரே விலை கொடுக்க மாட்டார்கள். நீங்கள் யாராக நிற்கிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பக்கம் எண்ணுவது சலிப்பான வேலைதான், ஆனால் செய்யுங்கள்

பருத்த நூல்களில் முதலும் கடைசியும்தான் முதலில் உதிரும். மறுபடி பைண்டு செய்யும்போது போனவை போனவையாகவே உள்ளே அடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முழுப் புத்தகம்போல் தெரியும். அகராதி வகை நூலில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு ஐம்பது பக்கத்துக்கும் ஒரு முறை நின்று, பக்க எண்ணோடு தலைச்சொல்லின் அகரவரிசையும் தொடர்கிறதா என்று பாருங்கள். நாவல், கட்டுரைத் தொகுதி என்றால், ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டான ஃபாரம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், பக்கத்தின் அடியில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடர்ந்து போகலாம். ஒரு ஃபாரம் விட்டுப்போயிருந்தால் அங்கே எண் குதிக்கும். படங்கள் தனித் தாளில் ஒட்டப்பட்டிருந்த நூலில், படங்களின் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிய்த்து எடுக்கப்படுவது அவைதான்.

என் செங்கல்லில் தலைப்புத் தாளைத் தவிர நடுவில் நான்கு தாள்கள் இல்லை. அவற்றின் இடத்தில் ஜெராக்ஸ் தாள்கள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. பைண்டு செய்தவர் ஓரத்தையும் வெட்டியிருந்ததால், சில பக்கங்களில் பக்க எண்ணின் தலை போயிருந்தது.

தாளின் உறுதியைச் சோதிக்க மூலையை மடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், முறிந்தால் உங்கள் தலையில்தான் விழும். ஒரு தாளை மெல்ல வளைத்தாலே போதும். மொரமொரவென்று சத்தம் வந்தால் அந்தத் தாள் புரட்டப் புரட்ட உதிரும். பூச்சித் துளை எழுத்தை எட்டியிருக்கிறதா, ஓரத்தோடு நின்றிருக்கிறதா என்பதைப் பாருங்கள்; இரண்டுக்கும் விலையில் நிறைய வேறுபாடு. தட்டும்போது புதுத் தூள் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தப் பிரதியை உங்கள் அலமாரிக்குக் கொண்டுபோவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். செல்லோடேப் ஒட்டிய பக்கத்தை எளிதில் பிழைக்க வைக்க முடியாது. பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பு நிறப் பட்டையாகிவிடும்.

நூலக முத்திரை இருந்தால், 'கழிக்கப்பட்டது' அல்லது 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது எப்படி வெளியே வந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம். நான் அதை வாங்குவதில்லை. திருட்டுப் பிரதியை அறிந்து வாங்குவது சட்டப்படியும் சிக்கல்.

விலைக்கு வருவோம்

விலைக்கு வாய்பாடு கிடையாது. ஆனால் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் கண்டுபிடிக்கலாம். கீழ் எல்லையை மறுஅச்சு சொல்லும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை. 1931-இல் மறைந்தவரின் நூல் என்றோ பொதுவுடைமையாகிவிட்டது. யாரும் மறுஅச்சிடலாம், படப் பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அப்படிப்பட்ட நூலின் பழைய பிரதிக்கு, 'படிக்கக் கிடைக்கிறது' என்ற ஒரே காரணத்துக்காக மறுஅச்சின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. மாறாக, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆகவில்லை, வாரிசுகளும் மறுபதிப்புக்கு இசையவில்லை, படப் பிரதியும் இல்லை என்றால், சாதாரண நிலையில் உள்ள பிரதியும் விலை ஏறும். அந்த விலை எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு புத்தகக் கண்காட்சியில் மறுபதிப்பு வந்தால் போதும்.

மேல் எல்லையைப் பிற விற்பனைகள் சொல்லும். இங்கே எச்சரிக்கை தேவை. இணையத்தில் காண்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. பதினைந்தாயிரம் என்று போட்ட பிரதி மூன்று ஆண்டுகளாக அங்கேயே இருந்தால், அது சொல்வது ஒன்றுதான்: அந்த விலைக்கு ஆள் இல்லை. நான் செய்வது, விற்பனைப் பக்கத்தைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பது. பிரதி போய்விட்டிருந்தால் அந்த விலைக்கு ஓரளவு மதிப்பு கொடுப்பேன். பழைய புத்தகக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் "இந்தப் பதிப்பு உங்களிடம் வந்தால் என்ன கொடுத்து வாங்குவீர்கள்?" என்று கேட்பது இன்னும் பயனுள்ளது. அவர்கள் விற்கும் விலை அதைவிடக் கணிசமாக உயர்ந்திருக்கும். உங்களுக்கான நியாயம் அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும்.

என் கணக்கு இப்படிப் போனது. அதே தெருவில் ஆப்செட் மறுஅச்சுப் பிரதி ஒன்றை எழுநூறு ரூபாய்க்குப் பார்த்திருந்தேன். அது முழுமையானது. எனவே படிக்கும் பயனுக்கான விலை எழுநூறு. இந்தப் பிரதி 1934-இன் ஈய அச்சு என்பதற்காக அதற்கு மேல் கொடுக்கலாம். ஆனால் தலைப்புத் தாள் இல்லை, நான்கு தாள்கள் ஜெராக்ஸ், மூல அட்டை இல்லை, ஓரம் வெட்டுப்பட்டது. சேகரிப்பவர் பார்க்கும் நான்கு இடத்திலும் குறை. குறையில்லாத 1934 பிரதிக்கு நான் ஐந்தாயிரம் வரை போயிருப்பேன். இதற்கு இரண்டாயிரம்தான் என் எல்லை என்று முடிவு செய்தேன். எல்லையைக் கடைக்குள் நிற்கும்போது மாற்றக் கூடாது. கையில் பிடித்த புத்தகம் மனத்தை இளக்கிவிடும்.

கடைக்காரரிடம் அவர் தவறு என்று சொல்லவில்லை. கடைசிப் பக்க எண்ணைக் காட்டி, 1910 பதிப்பின் பக்கக் கணக்கைச் சொன்னேன். பிறகு ஜெராக்ஸ் தாள்களைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் முகவுரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூவாயிரம் கொடுங்கள்" என்றார். நான் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஏறினேன். இரண்டாயிரத்து இருநூறில் முடிந்தது. இருநூறு ரூபாய் எல்லை தாண்டினேன். விதி போட்டவனே மீறுவது வழக்கம்தானே.

வீட்டுக்கு வந்ததும் கடைசி வேலை. அமிலமில்லாத வெள்ளைத் தாள் துண்டு ஒன்றில் மென்மையான பென்சிலால் எழுதினேன்: "1934 இரண்டாம் பதிப்பு; ஈய அச்சு; தலைப்புத் தாள் இல்லை; நான்கு தாள்கள் ஜெராக்ஸ்; மறு பைண்டு." அதன் கீழே அந்த நான்கு தாள்களின் பக்க எண்கள், வாங்கிய தேதி, கொடுத்த விலை. ஒட்டவில்லை, பேனாவால் எழுதவில்லை. உள்ளட்டைக்கும் முதல் தாளுக்கும் இடையில் சொருகி வைத்தேன். என் காலத்துக்குப் பிறகு இந்தச் செங்கல் மறுபடி ஏதோ ஒரு நடைபாதைக்குப் போகும். அப்போது அதை விரித்துப் பார்ப்பவர், முகவுரையைப் புரட்டுவதற்கு முன் அந்தத் துண்டைப் பார்ப்பார்.